கன்சோலின் விலையைத் தொடாமல் பேரம் பேசுவது எப்படி?

கேள்வி: "பிளேஸ்டேஷன் 5, கூடுதலாக ஒரு கன்ட்ரோலர், நாலைந்து டிஸ்க் எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கலாம் என்றிருக்கிறேன். மொத்தமாக வாங்குவதால் விலை குறைத்துத் தரச் சொல்லிக் கடைக்காரருக்கு ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும். எப்படி எழுதுவது? எவ்வளவு குறைத்துக் கேட்டால் நியாயமாக இருக்கும்?"

ஒன்பது வருடம் இந்தக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவன் நான். இதே மாதிரி மெசேஜ்களைத் தினமும் வாங்கிப் படித்திருக்கிறேன். பாதிக்கு மேல் ஒரே வரிதான் வரும்: "எல்லாம் சேர்த்து கடைசி விலை எவ்வளவு?" அதற்கு நாங்கள் என்ன பதில் எழுதினோம் என்றால், பெரும்பாலும் எதுவும் எழுதவில்லை. கோபத்தினால் இல்லை. அந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லப் பத்து நிமிடம் ஆகும், கேட்டவர் அதே வரியை இன்னும் நாலு கடைக்கு அனுப்பியிருப்பார் என்பதும் தெரியும்.

நீங்கள் கேட்ட "எவ்வளவு" என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு முன்னால் "எதில்" என்பது தெரிய வேண்டும். கடைக்காரருக்கு உங்கள் கூடையில் இருக்கும் எல்லாப் பொருளிலும் ஒரே அளவு லாபம் கிடையாது. புதுக் கன்சோல்தான் விலை அதிகமான பொருள், ஆனால் நூற்றுக்கு இத்தனை என்று பார்த்தால் அதில்தான் லாபம் மிகக் குறைவு. தயாரிப்பாளர் வைக்கும் விலைக்கும் கடை வாங்கும் விலைக்கும் நடுவில் மெல்லிய இடைவெளிதான் இருக்கும். கன்ட்ரோலரிலும் புது டிஸ்க்கிலும் அதைவிட நன்றாகவே நிற்கும். உண்மையான லாபம் பழைய டிஸ்க்கில், அதாவது யாரோ விளையாடி முடித்துக் கடையிலேயே விற்றுவிட்டுப் போனதில். இது என் கடையில் மட்டும் கண்டதல்ல. கேம்ஸ்டாப் என்ற பெரிய சங்கிலிக் கடை நிறுவனம் பத்து வருடங்களுக்கு முன் வெளியிட்ட ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், மொத்த லாபம் புதுக் கன்சோலில் சுமார் 10 சதவீதம், புது கேம்களில் 20-ஐக் கொஞ்சம் தாண்டி, பழைய பொருட்களில் 45-ஐத் தாண்டி என்று இருக்கும். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே கன்சோலில் அவ்வளவுதான் என்றால், இடைத்தரகரிடம் வாங்கி விற்கும் சின்னக் கடைக்கு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இதை உங்கள் கூடையில் வைத்துப் பார்க்கலாம். கன்சோலின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பணமாக இருந்தாலும் இந்த விகிதத்தில் மாற்றிக்கொள்ளலாம். அப்போது ஒரு கன்ட்ரோலர் ஏறத்தாழ 15, புது டிஸ்க் தலா 14, பழைய டிஸ்க் தலா 7 என்று வரும். புது டிஸ்க் இரண்டு, பழையது மூன்று எடுக்கிறீர்கள் என்றால் மொத்தம் 164. இதில் கடைக்கு நிற்பது, என் அனுபவக் கணக்கில், கன்சோலில் 5, கன்ட்ரோலரில் 3, புது டிஸ்க் இரண்டிலும் சேர்த்து ஐந்தரை, பழைய டிஸ்க் மூன்றிலும் சேர்த்து ஒன்பதரை. ஆக மொத்தம் 23. கவனியுங்கள், 100-க்கு விற்கும் கன்சோலில் நிற்பதைவிட, 21-க்கு விற்கும் மூன்று பழைய டிஸ்க்கில் ஏறத்தாழ இரண்டு மடங்கு நிற்கிறது. இடத்துக்கு இடம், கடைக்குக் கடை இந்த எண்கள் மாறும். ஆனால் எதில் அதிகம், எதில் குறைவு என்ற வரிசை மாறி நான் பார்த்ததில்லை.

இப்போது "மொத்தத்தில் 10 சதவீதம் குறையுங்கள்" என்று நீங்கள் எழுதினால் என்ன ஆகும்? 164-இல் பத்து சதவீதம் 16.4. உங்களுக்கு அது சின்னத் தள்ளுபடி. அவருக்கோ கையில் நிற்கும் 23-இல் முக்கால்வாசி போய்விடுகிறது. நீங்கள் கார்டில் பணம் கட்டினால் அதற்கான கட்டணமும் பெரும்பாலும் அவர் தலையில்தான். மிச்சத்தில் அதுவும் போக, கடை வாடகைக்கு என்ன இருக்கும்? அதனால்தான் "சார், கன்சோல்ல எங்களுக்கே ஒன்னும் நிக்காது" என்று பதில் வருகிறது. வாடிக்கையாளர்கள் இதைப் பொய் என்று நினைப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் கடைக்காரர் சொல்வது அநேகமாக நிஜம்.

ஆகவே கன்சோலின் விலையைத் தொடாதீர்கள். தொடவில்லை என்பதை மெசேஜிலேயே எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரியைப் படித்ததும், எதிரில் இருப்பவர் விவரம் தெரிந்தவர் என்று கடைக்காரருக்குப் புரிந்துவிடும். அப்புறம் கேட்க வேண்டியதைப் பழைய டிஸ்க்கில் கேளுங்கள்: மூன்றுக்கு இரண்டின் விலை. உங்களுக்கு 7 மிச்சம். அவருக்கு அந்த மூன்று டிஸ்க்கும் பதினொன்றரைக்கு வந்திருக்கும், 14-க்குப் போகிறது, இன்னும் லாபம்தான். கன்ட்ரோலரில் 1, புது டிஸ்க் ஒவ்வொன்றிலும் 1 குறைந்தால் மொத்தம் 154-க்கு வந்துவிடும். அவர் கையில் 13 நிற்கிறது. நீங்கள் 10 மிச்சப்படுத்துகிறீர்கள், மொத்தத்தில் 6 சதவீதம். கேட்கச் சின்ன எண்தான், ஆனால் கிடைக்கக்கூடிய எண். முதலில் கேட்பதை 152 என்று வையுங்கள். 154, 155-இல் முடிந்தால் நல்ல வியாபாரம். 158-க்குக் கீழே வரவே மாட்டேன் என்றால், பழைய டிஸ்க் ஒன்றைக்கூட அவர் விட்டுத் தரவில்லை என்று அர்த்தம். அந்தக் கடையில் கன்சோலை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை வேறு இடத்தில் பார்க்கலாம். 130 என்று கேட்டுவிட்டு மெல்ல ஏறலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நேரில் நின்று பேசும்போது சிரித்துக்கொண்டே அப்படிக் கேட்டுவிடலாம், எழுத்தில் கேட்டால் பதிலே வராது.

மெசேஜ் எழுதுவதற்கு முன் உங்கள் பக்கம் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். நீங்கள் எடுக்கப்போகும் கன்சோலில் டிஸ்க் போட வழி இருக்கிறதா? சிரிக்காதீர்கள், டிஸ்க்கோடு வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளேஸ்டேஷன் 5-இல் டிஜிட்டல் எடிஷன் என்று ஒன்று உண்டு, அதில் டிஸ்க் டிரைவ் கிடையாது. 2020-இல் வந்த முதல் டிஜிட்டல் மாடலில் பின்னாலும் சேர்க்க முடியாது. 2023-இல் வந்த மெல்லிய மாடலில் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். 2024-இல் வந்த புரோ மாடல் விலையில் மேலே இருந்தாலும் டிரைவ் இல்லாமல்தான் வருகிறது. தனியாக மாட்டும் டிரைவை முதல் தடவை கன்சோலோடு இணைக்க இன்டர்நெட் வேண்டும். டிரைவ் இல்லாத மாடலின் விலை குறைவு என்று பார்த்து அதைக் கூடையில் போட்டால், டிரைவின் விலையும் சேர்ந்து நீங்கள் பேரம் பேசிச் சேமித்ததை விழுங்கிவிடும். நாளைக்கு மனசு மாறி எக்ஸ்பாக்ஸ் பக்கம் போனாலும் இதே கவனம் வேண்டும், சீரிஸ் எஸ் மாடலில் டிஸ்க் டிரைவ் இல்லை.

கன்ட்ரோலரிலும் இப்படி ஒரு குழி இருக்கிறது. "கூடுதல் கன்ட்ரோலர்" என்று மட்டும் எழுதினால், விலையைக் குறைக்க வேண்டிய கட்டாயத்தில் சில கடைகள் பிளேஸ்டேஷன் 4-இன் டூயல்ஷாக் 4-ஐ எடுத்துக் கொடுத்துவிடும். அது பிளேஸ்டேஷன் 5-இல் இணையும், பழைய பிளேஸ்டேஷன் 4 கேம்களை விளையாட விடும், ஆனால் பிளேஸ்டேஷன் 5-க்கென்று வந்த கேம்களை அதில் ஆட முடியாது. "டூயல்சென்ஸ், புதியது, பெட்டி பிரிக்காதது" என்று மாடல் பெயரோடு எழுதுங்கள். பழையதே போதும் என்றால் வாங்கும் முன் கையில் எடுத்து, மெனு திரையில் வைத்துவிட்டு இரண்டு ஸ்டிக்குகளையும் விட்டுவிடுங்கள். நீங்கள் தொடாமலே தேர்வு ஒரு பக்கமாக நகர்ந்தால் ஸ்டிக்கின் உள்ளே இருக்கும் சென்சார் தேய்ந்துவிட்டது. மெனுவில் தெரியாத சின்ன நகர்வு கேமில் தெரியும், அதனால் ஒரு கேமைப் போட்டு, ஆளையும் கேமராவையும் சும்மா நிற்கவிட்டு அரை நிமிடம் பார்ப்பது இன்னும் நல்லது.

சரி, மெசேஜுக்கு வருவோம். நான் கடையில் இருந்தபோது வந்திருந்தால் உடனே பதில் போட்டிருப்பேன் என்று நினைக்கும் வடிவத்தில் எழுதிக் காட்டுகிறேன். எண்களுக்குப் பதிலாக உங்கள் கடையின் விலைகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"வணக்கம் அண்ணா. போன வாரம் கடைக்கு வந்து விலை விசாரித்தேன். இவை எல்லாவற்றையும் உங்களிடமே ஒன்றாக வாங்க நினைக்கிறேன்: டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, புதியது, ஒன்று. டூயல்சென்ஸ் கன்ட்ரோலர், புதியது, ஒன்று. புது டிஸ்க் இரண்டு, பழைய டிஸ்க் மூன்று. பெயர்களைக் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் போட்டிருக்கும் விலைப்படி மொத்தம் 164 வருகிறது. கன்சோலின் விலையில் நான் எதுவும் குறைக்கச் சொல்லவில்லை. கன்ட்ரோலரை 14-க்கும், புது டிஸ்க்கைத் தலா 12-க்கும், பழைய டிஸ்க் மூன்றையும் இரண்டின் விலைக்கும் தர முடியுமா? அப்படித் தந்தால் மொத்தம் 152. சனிக்கிழமை காலையில் வந்து முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன். பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி விலையும் கன்சோலின் சீரியல் நம்பரும் வேண்டும். பழைய டிஸ்க்குகளைக் கடையிலேயே ஒரு தடவை போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன். இதில் எது முடியாதோ அதை மட்டும் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்."

இதில் மூன்று இடங்கள் வேலை செய்கின்றன. நாளும் பணம் கட்டும் முறையும் சொன்னது முதலாவது. எங்கள் கடையில் வாய்ப்பேச்சாகப் போகும் பேரத்துக்கும், சனிக்கிழமை பணம் வரும் என்ற பேரத்துக்கும் நாங்கள் சொன்ன விலையே வேறு. ரொக்கம் என்றால் கார்டு கட்டணம் மிச்சம், அது அவருக்கும் தெரியும். ஆனால் ரொக்கம் என்பது பில் இல்லாமல் என்று ஆகிவிடக் கூடாது. பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், கன்சோல் ஒரு தடவை கோளாறு செய்தால் வாரண்டிக்கு அந்தக் காகிதம்தான் கேட்பார்கள்.

இரண்டாவது, கடைசி வரி. ஒவ்வொரு பொருளாகப் பிரித்துக் கேட்டிருப்பதால் அவர் "முடியாது" என்று மொத்தமாகச் சொல்ல இடமில்லை. "புது டிஸ்க் 12-க்கு வராது, 13 போட்டுக்கொள்கிறேன்" என்பது போல ஏதோ ஒன்றைத்தான் மறுப்பார். அப்படிச் சொன்னால் கணக்கு 154-இல் வந்து நிற்கும், நாம் எதிர்பார்த்ததும் அதுவே.

மூன்றாவது, தனித்தனி விலை கேட்டது. அதிகம் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். பில்லில் "காம்போ, 154" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு ஒரு டிஸ்க் ஓடவில்லை என்று திருப்பும்போது அதன் விலை என்ன என்பதே சண்டையாகிவிடும். "மூணாவது டிஸ்க் சும்மா கொடுத்ததுதானே" என்பார்கள். நான் நின்ற கவுண்டரிலேயே ஒரு அம்மா அரை மணி நேரம் இதற்காக வாதாடினார். ஞாயம் அவர் பக்கம் இருந்தது, காகிதம் எங்கள் பக்கம் இருந்தது. மூன்று பழைய டிஸ்க்குக்கும் 14 என்றால், அதைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எழுதி வாங்குங்கள்.

பழைய டிஸ்க்கைப் போட்டுப் பார்ப்பதைப் பற்றி. பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டின் டிஸ்க்கும் புளூ-ரே வகை. இதில் தகவல் இருக்கும் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. பழைய டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர். அதனால் டிவிடி காலத்தில் தேய்த்து மெருகேற்றிக் கொடுத்தது போல இதைச் செய்ய முடியாது, மேல் பூச்சு போனால் டிஸ்க்கும் போனது. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் போகும் சின்னக் கீறல்களைக் கன்சோல் பெரும்பாலும் சமாளித்துவிடும், படிக்க முடியாமல் போன துண்டை அக்கம்பக்கத்துத் தகவலை வைத்து நிரப்பும் ஏற்பாடு டிஸ்க்கிலேயே இருக்கிறது. வட்டமாக, தடத்தோடு தடமாக ஓடும் கீறல்தான் ஆபத்து. ஒரே இடத்தில் தொடர்ச்சியாக நிறையத் தகவல் அழிந்துவிடும், நிரப்ப எதுவும் மிஞ்சாது. கண்ணால் பார்ப்பதும் போதாது. டிஸ்க்கைப் போட்டு, கேம் நிறுவுவது தொடங்கி நிற்காமல் ஓடுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். முழுவதும் நிறுவி முடிக்கக் கடையில் யாரும் காத்திருக்க விடமாட்டார்கள், அதனால் நடுவில் நின்றுபோனால் இத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார் என்பதை மெசேஜிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

டிஸ்க் எந்த ஊர்ப் பதிப்பு என்பதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 4, 5 கேம்கள் பொதுவாக எந்தக் கன்சோலிலும் ஓடும். சிக்கல் ஒரு கேமுக்கென்று பின்னால் வாங்கும் கூடுதல் பகுதிகளில் வரும். உங்கள் பிளேஸ்டேஷன் கணக்கு ஒரு பிராந்தியத்துக்கும் டிஸ்க் வேறொன்றுக்கும் உரியதானால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கூடுதல் பகுதி அந்த டிஸ்க்கோடு சேராது. அதே மாதிரி பழைய பெட்டியில் ஏதாவது கூப்பன் குறியீடு இருந்தால் அதை விலையில் சேர்த்து எண்ணாதீர்கள், முதல் ஆள் எப்போதோ பயன்படுத்தியிருப்பார். குறியீடுகள் ஒரு தடவைக்குத்தான்.

கடைக்காரர் பணத்துக்குப் பதில் பொருளாகத் தருகிறேன் என்று சொன்னால் என்ன செய்வது? இதில்தான் எங்கள் ஆட்கள் கில்லாடிகள். ஒரு உறை, ஒரு கேபிள், கன்ட்ரோலர் ஸ்டிக்குக்கு ரப்பர் தொப்பி, "எல்லாம் சேர்த்து இவ்வளவு மதிப்பு" என்று அடுக்குவார்கள். அவற்றின் கொள்முதல் விலை மிகக் குறைவு, எச்டிஎம்ஐ கேபிள் கன்சோல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்று விளையாட்டு கேம்கள், அதாவது வருடா வருடம் புதுப் பதிப்பு வரும் கால்பந்து, கூடைப்பந்து வகை. புதுப் பதிப்பு வந்த மறுவாரமே போன வருடத்து டிஸ்க்கின் விலை சரிந்துவிடும், அலமாரியில் அடுக்கடுக்காகக் கிடக்கும். அதை "14 மதிப்புள்ள டிஸ்க் இலவசம்" என்று தள்ளிவிடப் பார்ப்போம். உங்களுக்கு உண்மையிலேயே அந்த விளையாட்டு பிடிக்கும் என்றால், நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள்: "போன வருடத்துப் பதிப்பு ஒன்று கிடந்தால் சேர்த்துக் கொடுங்கள், புது டிஸ்க்கில் குறைக்கச் சொல்வதை விட்டுவிடுகிறேன்." அவருக்குத் தேங்கிய ஸ்டாக் கழியும், உங்களுக்கு ஆட ஒரு கேம். இரண்டு பேருக்கும் லாபமான பேரம் என்று நான் பார்த்தது அநேகமாக இது ஒன்றுதான்.

மேலே சொன்ன எல்லாம் கன்சோல் தாராளமாகக் கிடைக்கும் காலத்துக்கு. பொருள் வந்ததும் வரிசையில் நின்று வாங்கிப் போகும் நாட்களில் இந்த மெசேஜ் செல்லாது. அப்போது பேரம் தலைகீழாகும், கன்சோல் வேண்டுமானால் இந்தக் கன்ட்ரோலரையும் இந்த இரண்டு டிஸ்க்கையும் எடுத்தே ஆக வேண்டும் என்று கடைதான் நிபந்தனை போடும். பிளேஸ்டேஷன் 5 வந்த புதிதில் இது நிறைய நடந்தது. அப்படி ஒரு நிலை என்றால் விலையைப் பற்றிப் பேசாமல், டிஸ்க்குகளை நீங்களே தேர்ந்தெடுக்க மட்டும் கேளுங்கள்.

அனுப்பிய பிறகு ஒரு நாள் முழுதாக விடுங்கள். பதில் வராவிட்டால் போன் செய்து "மெசேஜ் பார்த்தீர்களா அண்ணா" என்று மட்டும் கேட்டால் போதும், விலையைப் போனில் மறுபடி பேசத் தொடங்காதீர்கள். "நேர்ல வாங்க, பார்த்துக்கலாம்" என்று சொன்னால் பாதி ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். போகும்போது அந்த மெசேஜைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு போங்கள். கவுண்டரில் வேறு ஆள் நிற்கலாம், அவருக்கு உங்கள் கணக்கு எதுவும் தெரிந்திருக்காது.